ஒரே லேப்டாப், ஒரே மானிட்டர், இரண்டு போர்ட்: பிரேம் எண்ணிக்கை ஏன் மாறுகிறது?

நள்ளிரவுப் பறவை

மூன்று நாட்களாக ஒரு விஷயம் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. என் லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற தனிக் கிராபிக்ஸ் சிப் இருக்கிறது. அதன் சொந்தத் திரை 1080பி, 144 ஹெர்ட்ஸ். போன வாரம் 27 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கினேன். 1440பி, 165 ஹெர்ட்ஸ். எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதையும் 1080பி-யிலேயே வைத்து, நான் வழக்கமாக ஆடும் சுடும் கேமைத் திறந்தேன். எல்லா அமைப்புகளும் குறைந்த நிலையில். நொடிக்குச் சராசரியாக 168 பிரேம் வந்தது. லேப்டாப் திரையில் எவ்வளவு வருமோ அதே அளவு. சரி என்று விட்டுவிட்டேன்.

நேற்று அந்த கேபிள் வேறொரு வேலைக்குத் தேவைப்பட்டது. அதனால் யூ.எஸ்.பி. சி போர்ட்டிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிளைச் செருகினேன். அதே கேம், அதே வரைபடம், அதே 1080பி. ஆனால் 198 பிரேம்! தற்செயலாக இருக்கும் என்று நினைத்து மறுபடி எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றினால் மீண்டும் 168. நான்கு முறை மாற்றி மாற்றிச் செருகிவிட்டேன். கேபிளை மாற்றினால் பிரேம் கூடுமா?

இரும்புப்பெட்டி

இதில் வியக்க ஒன்றுமில்லை. உங்கள் எச்.டி.எம்.ஐ. பழைய பதிப்பாக இருக்கும். அதன் வழியே அதிகத் தரவு போகாது, அதனால் பிரேம் குறைகிறது. இன்னொன்று, பெரும்பாலான லேப்டாப்களில் எச்.டி.எம்.ஐ.யில் செருகினால் கேம் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில்தான் ஓடும். யூ.எஸ்.பி. சி-யில் செருகினால் தனிச் சிப்பில் ஓடும். நல்ல எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்குங்கள், போதும்.

பட்டறைக்காரர்

இரும்புப்பெட்டி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி அவரைக் கேபிள் கடைக்கு அனுப்பிவிடும்.

முதலில் கேபிள். மானிட்டர் எவ்வளவு பெரிய படத்தை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்குத்தான் கேபிள் வரம்பு வைக்கும். கேமின் மூலையில் தெரியும் எண், சிப் எத்தனை பிரேம் தயாரித்தது என்பதைக் காட்டுகிறது. பிரேமைத் திரையின் வேகத்தோடு பூட்டும் வி-சிங்க் அணைந்திருக்கும்போது அந்த எண் கேபிளைப் பற்றிக் கவலைப்படாது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் 200 என்று காட்டும். பாதிக்கு மேல் கண்ணுக்கு வராது, அவ்வளவுதான்.

இரண்டாவது, கேம் ப்ராசஸருக்குள் உள்ளமைந்த கிராபிக்ஸ் சிப்பில் ஓடியிருந்தால் 168 வந்திருக்கவே வந்திருக்காது. இரண்டு முறையும் படத்தை வரைந்தது ஆர்டிஎக்ஸ் 3060தான். வரைந்த படத்தை மானிட்டருக்கு அனுப்பும் வேலை யாருடையது என்பதில்தான் வேறுபாடு. பலகையில் எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் கம்பி உள்ளமைந்த சிப்புக்குப் போகிறது என்றால், தனிச் சிப் ஒவ்வொரு பிரேமையும் வரைந்து முடித்து, அதைப் பி.சி.ஐ.இ. வழியாகக் கணினியின் நினைவகத்துக்கு நகலெடுக்க வேண்டும். அங்கிருந்து உள்ளமைந்த சிப் எடுத்து மானிட்டருக்கு அனுப்பும். லேப்டாப்பின் சொந்தத் திரையும் வழக்கமாக இப்படித்தான் ஓடுகிறது. உங்களுக்கு இரண்டிலும் 168 வந்ததன் காரணம் அதுதான். யூ.எஸ்.பி. சி-யின் கம்பி நேரே தனிச் சிப்புக்குப் போகிறது போலிருக்கிறது. அங்கே நகலெடுக்கும் வேலையே இல்லை.

ஊகத்தை விட்டுவிட்டுப் பார்த்துவிடலாம். விண்டோஸ் 11 என்றால் அமைப்புகளில் `System > Display > Advanced display` போங்கள். வெளி மானிட்டரைத் தேர்ந்தெடுத்தால் அது எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது என்று ஒரு வரி காட்டும். இரண்டு போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் செருகி அந்த வரியைப் படித்துச் சொல்லுங்கள்.

நள்ளிரவுப் பறவை

பார்த்துவிட்டேன். எச்.டி.எம்.ஐ.யில் `Connected to Intel(R) UHD Graphics` என்கிறது. யூ.எஸ்.பி. சி-யில் `Connected to NVIDIA GeForce RTX 3060 Laptop GPU` என்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எச்.டி.எம்.ஐ.யில் இருக்கும்போது என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தைத் திறந்தால், இடப்பக்கப் பட்டியலில் `Display` என்ற பகுதியே இல்லை. யூ.எஸ்.பி. சி-க்கு மாற்றியதும் அந்தப் பகுதி முளைத்துவிட்டது. ஜி-சிங்க் தேர்வும் அதற்குள்தான் இருக்கிறது. இந்த மானிட்டரில் அந்த வசதியே இல்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்காரர்

அந்தப் பட்டியல் நல்ல அடையாளம். தனிச் சிப்போடு ஒரு திரைகூட இணைந்திருக்கவில்லை என்றால் அதற்குத் திரை அமைப்புகளைக் காட்ட என்ன இருக்கிறது? அதே பலகத்தில் `Set PhysX Configuration` பக்கத்தில் எந்தத் திரை எந்தச் சிப்போடு என்று ஒரு படமாகவும் வரும்.

தேன்மொழி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதற்கு நேரெதிரான பிரச்சினை. நான் கேம் ஆடுவதே இல்லை; நாள் முழுக்க ஆவணங்களும் விரிதாள்களும்தான். வெளி மானிட்டரை இணைத்த நாளிலிருந்து லேப்டாப்பின் விசிறி சும்மா இருக்கும்போதும் சுழல்கிறது. மின்கலம் முன்பு தாங்கிய நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் தாங்குகிறது. நானும் யூ.எஸ்.பி. சி-க்கு மாற்றினால் விசிறி நிற்குமா?

இரும்புப்பெட்டி

யூ.எஸ்.பி. சி தனிச் சிப்புக்குப் போகிறது என்று மேலேயே முடிவாகிவிட்டதே. மாற்றினால் இன்னும் மோசமாகும்.

பட்டறைக்காரர்

அது நள்ளிரவுப் பறவையின் லேப்டாப்பில். எச்.டி.எம்.ஐ. என்றால் இந்தச் சிப், யூ.எஸ்.பி. சி என்றால் அந்தச் சிப் என்று எந்த விதியும் இல்லை. பலகையை வடிவமைத்தவர் எப்படிக் கம்பி இழுத்தாரோ அப்படித்தான். கேமுக்கென்று விற்கப்படும் லேப்டாப்களில் எச்.டி.எம்.ஐ. தனிச் சிப்புக்கும், தண்டர்போல்ட் உள்ள யூ.எஸ்.பி. சி உள்ளமைந்த சிப்புக்கும் போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த இழையைத் தொடங்கியவருடையது தலைகீழ். இரண்டு போர்ட்டும் ஒரே சிப்புக்குப் போவதும் உண்டு. ஒரே பெயரில் வரும் லேப்டாப்பின் அடுத்த ஆண்டு வடிவத்தில் கம்பி மாறியிருப்பதையும் கண்டிருக்கிறேன்.

தேன்மொழி, நீங்களும் அந்த `Advanced display` வரியைப் பாருங்கள். மானிட்டர் தனிச் சிப்போடு இணைந்திருந்தால் அந்தச் சிப்பால் உறங்கவே முடியாது. நீங்கள் வெறும் விரிதாளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது விழித்திருந்து திரைக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது உள்ளமைந்த சிப்புக்குப் போகும் போர்ட்.

கிளைவழி

எனக்கும் கேமில்தான் சிக்கல். ஒரே போர்ட்டில் பல கருவிகளை இணைக்கும் டாக் ஒன்றை மேசையில் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு மானிட்டர். அது யூ.எஸ்.பி. சி-யில்தான் செருகப்பட்டிருக்கிறது. ஆனாலும் கேம் திணறுகிறது, சுட்டியும் ரப்பர் போல இழுபடுகிறது. ஆக, யூ.எஸ்.பி. சி-யில் செருகினால் வேகம் கூடும் என்பது பொய்.

பட்டறைக்காரர்

அந்த டாக்குக்கு டிஸ்ப்ளேலிங்க் என்று தனியாக ஒரு டிரைவர் நிறுவினீர்களா?

கிளைவழி

ஆம், நிறுவாமல் மானிட்டர் தெரியவே இல்லை.

பட்டறைக்காரர்

அப்படியானால் உங்கள் கதை வேறு. அந்த வகை டாக் எந்தக் கிராபிக்ஸ் சிப்பின் வெளியீட்டுக் கம்பியையும் தொடுவதே இல்லை. திரையில் வர வேண்டிய படத்தை மென்பொருள் சுருக்கி, சாதாரண யூ.எஸ்.பி. தரவாக அனுப்புகிறது, டாக்குக்குள் இருக்கும் சிப் அதை விரித்துக் காட்டுகிறது. அலுவலக வேலைக்குக் குறையில்லை. கேமுக்கு ஆகாது. கேம் ஆடும் மானிட்டரை மட்டும் டாக்கிலிருந்து கழற்றி லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள். மற்றது டாக்கிலேயே இருக்கட்டும்.

நள்ளிரவுப் பறவை

நகலெடுப்பதால் பிரேம் குறைகிறது என்பது புரிகிறது. ஆனால் எனக்கு இன்னொரு குழப்பம். கனமான திறந்தவெளி கேம் ஒன்றையும் சோதித்தேன். அதில் எச்.டி.எம்.ஐ.யில் 61, யூ.எஸ்.பி. சி-யில் 64. சுடும் கேமில் 30 பிரேம் கூடியது, இங்கே மூன்றே மூன்று. ஒரே நகலெடுப்புதானே?

பட்டறைக்காரர்

நல்ல கேள்வி. பிரேம் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒரு பிரேமுக்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள். 1000-ஐப் பிரேம் எண்ணிக்கையால் வகுத்தால் மில்லிநொடி கிடைக்கும்.

சுடும் கேமில் 198 என்றால் ஒரு பிரேமுக்கு 5.05 மில்லிநொடி. 168 என்றால் 5.95. வேறுபாடு 0.9 மில்லிநொடி. கனமான கேமில் 64 என்றால் 15.6, 61 என்றால் 16.4. வேறுபாடு 0.8. இரண்டு கேமிலும் நீங்கள் கட்டும் சுங்கம் ஏறக்குறைய ஒன்றுதான். 5 மில்லிநொடியில் முடியும் பிரேமுக்கு அந்த 0.9 பெரிய பங்கு; 16 மில்லிநொடி எடுக்கும் பிரேமுக்கு அது துளி. அதனால்தான் "எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை" என்று சொல்பவரும், "20 சதவீதம் கூடியது" என்று குதிப்பவரும் பொய் சொல்வதில்லை. இருவரும் வெவ்வேறு கேம் ஆடுகிறார்கள்.

சுங்கத்தின் அளவைத் தீர்மானிப்பது படத்தின் பரப்பு. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் 1080பி பிரேம் ஒன்று ஏறக்குறைய 8.3 மெகாபைட். 1440பி என்றால் 14.7. 4கே என்றால் 33. நகலெடுப்பை ஓரளவு அடுத்த பிரேமின் வரைதலோடு சேர்த்தே செய்துவிடுவார்கள், அதனால் முழு நேரமும் உங்கள் தலையில் விழாது. ஆனாலும் பரப்பு கூடக் கூடச் சுங்கமும் கூடும். நீங்கள் வாங்கியிருப்பதே 1440பி மானிட்டர். அதையும் அளந்து பாருங்களேன். சார்ஜர் செருகியிருக்கட்டும், வி-சிங்க்கும் பிரேம் வரம்பும் அணைந்திருக்கட்டும். `Win + P` அழுத்தி `Second screen only` தேர்ந்தெடுங்கள். கேமுக்குள்ளேயே இருக்கும் சோதனைக் காட்சியைப் போர்ட்டுக்கு மூன்று முறை ஓட்டுங்கள். கையால் ஆடி அளந்தால் ஒவ்வொரு சுற்றும் வேறு மாதிரி வரும்.

நள்ளிரவுப் பறவை

சுடும் கேம், 1440பி, மூன்று ஓட்டத்தின் சராசரி: எச்.டி.எம்.ஐ. 128, யூ.எஸ்.பி. சி 162.

வகுத்துப் பார்த்தேன். 7.8 மில்லிநொடி, 6.2 மில்லிநொடி. வேறுபாடு 1.6! 1080பி-யில் இருந்த 0.9 இப்போது 1.6 ஆகியிருக்கிறது. 14.7-ஐ 8.3-ஆல் வகுத்தால் வரும் 1.77-ஐ அந்த 0.9-ஆல் பெருக்கினாலும் 1.6. இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பட்டறைக்காரர்

நானும் எதிர்பார்க்கவில்லை. எல்லா லேப்டாப்பிலும் இவ்வளவு அழகாகப் பொருந்தாது. ப்ராசஸர் திணறும் கேம்களில் கணக்கு கலைந்துவிடும்.

கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால் டாஸ்க் மேனேஜரில் `Performance` பகுதியைத் திறந்து என்விடியா சிப்பைத் தேர்ந்தெடுங்கள். நான்கு சிறு வரைபடங்கள் வரும். அவற்றில் ஒன்றை `Copy` ஆக மாற்றிவிட்டு, கேமைச் சாளரமாக ஓட்டியபடி பாருங்கள்.

நள்ளிரவுப் பறவை

எச்.டி.எம்.ஐ.யில் அந்த `Copy` வரைபடம் கேம் தொடங்கிய நொடியில் மேலே ஏறி அப்படியே நிற்கிறது. யூ.எஸ்.பி. சி-யில் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. இடம் மாறும்போது மட்டும் சின்னதாக ஒரு துள்ளல்.

தேன்மொழி

பார்த்துவிட்டேன். என்னுடையதில் எச்.டி.எம்.ஐ. தனிச் சிப்பு, யூ.எஸ்.பி. சி உள்ளமைந்த சிப்பு. கேபிளை மாற்றினேன். பத்து நிமிடத்தில் விசிறி அடங்கிவிட்டது. அறையில் இவ்வளவு அமைதி இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. நன்றி ஐயா.

பென்குயின்

லினக்ஸ்காரன் ஒருவனின் அழுகையையும் கேளுங்கள். என் லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. தனிச் சிப்புக்குத்தான் போகிறது. முனையத்தில் இதை ஓட்டினால் தெரியும்:

```
for s in /sys/class/drm/card*-*/status; do
  echo "$s: $(cat "$s")"
done
```

என்னிடம் `card0-eDP-1`, அதாவது லேப்டாப்பின் சொந்தத் திரை, உள்ளமைந்த சிப்பின் கீழும், `card1-HDMI-A-1` தனிச் சிப்பின் கீழும் வருகின்றன. கம்பி சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் கேமில் பிரேம் கூடவில்லை, வெளி மானிட்டரில் சாளரத்தை இழுத்தால்கூடத் தடுமாறுகிறது. விண்டோஸில் அதே லேப்டாப் பறக்கிறது.

பட்டறைக்காரர்

லினக்ஸ் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் உங்கள் டெஸ்க்டாப்பை வரைவது உள்ளமைந்த சிப் என்று நினைக்கிறேன். அப்படியானால் தனிச் சிப் வரைந்த கேம் படம் முதலில் உள்ளமைந்த சிப்புக்குப் போய், அங்கே டெஸ்க்டாப்போடு சேர்க்கப்பட்டு, மறுபடி தனிச் சிப்புக்கே திரும்பி வந்து கம்பியில் இறங்கும். ஒரு சுங்கச்சாவடிக்குப் பதில் இரண்டு.

பென்குயின்

நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. கே.டி.இ. பயன்படுத்துகிறேன். `/etc/environment` கோப்பில் இந்த வரியைச் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தேன்:

```
KWIN_DRM_DEVICES=/dev/dri/card1:/dev/dri/card0
```

முதலில் இருக்கும் சிப்பே டெஸ்க்டாப்பை வரையும். சாளரத் தடுமாற்றம் போய்விட்டது, கேமும் சீரானது. ஆனால் இப்போது லேப்டாப்பின் சொந்தத் திரைதான் மந்தமாக இருக்கிறது. `card0`, `card1` எண்கள் கணினியை மறுபடி தொடங்கும்போது இடம் மாறலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கிளைவழி

மானிட்டரை டாக்கிலிருந்து கழற்றி நேரடியாகச் செருகினேன். ரப்பர் போய்விட்டது. என் முந்தைய பதிவில் "பொய்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு சந்தேகம். என் லேப்டாப்பில் பயாஸுக்குள் `Discrete` என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் எல்லாப் போர்ட்டும் தனிச் சிப்புக்கு மாறிவிடுமா?

பட்டறைக்காரர்

அந்தத் தேர்வு இருக்கிறது என்றால் பலகையில் மக்ஸ் என்ற மாற்றுச் சுவிட்ச் இருக்கிறது. அது உறுதியாக மாற்றுவது லேப்டாப்பின் சொந்தத் திரையை. மற்ற போர்ட்டுகள் பலகைக்குப் பலகை வேறுபடும். சிலவற்றில் யூ.எஸ்.பி. சி-யும் கூடவே மாறும். சிலவற்றில் உள்ளமைந்த சிப் அணைந்துவிடுவதால், அதோடு கம்பி இழுத்த போர்ட்டில் படமே வராது. போர்ட் பழுது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பயாஸில் ஒரு வரியை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். காசு வாங்க மனம் வரவில்லை.

நள்ளிரவுப் பறவை

இன்னும் ஒன்றுக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. யூ.எஸ்.பி. சி-யில் இருக்கும்போதே `Second screen only`க்குப் பதில் `Duplicate` வைத்து, இரண்டு திரையிலும் ஒரே படம் ஓடும்படி செய்தேன். 198 இருந்த இடத்தில் 160-ஐத் தொட்டது. `Extend` வைத்தால் 195, 196. நகல் முறையில் மட்டும் ஏன் பழைய எச்.டி.எம்.ஐ. எண்ணுக்கும் கீழே போகிறது?

பட்டறைக்காரர்

நகல் முறையில் அதே பிரேம் லேப்டாப் திரைக்கும் போக வேண்டும். அது உள்ளமைந்த சிப்பில் இருக்கிறது. அதனால் சுங்கம் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் 168-க்கும் கீழே போவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒன்று 144 ஹெர்ட்ஸ், மற்றது 165. இரண்டு திரையின் வேகத்தையும் ஒத்திசைப்பதில் ஏதாவது நடக்கலாம். மானிட்டரையும் 144-க்குக் குறைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

நள்ளிரவுப் பறவை

144-இல் 163. பெரிய மாற்றமில்லை. நகல் முறையையே விட்டுவிடுகிறேன்.

இரும்புப்பெட்டி

சரி, நானும் என் லேப்டாப்பைப் பார்த்தேன். எச்.டி.எம்.ஐ.யிலும் உள்ளமைந்த சிப். யூ.எஸ்.பி. சி-யிலும் உள்ளமைந்த சிப். பயாஸில் `Discrete` தேர்வும் இல்லை. இரண்டு ஆண்டுகளாகக் கேபிளை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்கு ஏதாவது வழி உண்டா?

பட்டறைக்காரர்

கம்பியை மாற்ற வழியில்லை. அது பலகையின் தடங்களிலேயே இருக்கிறது. சுங்கத்தைக் குறைக்கலாம். நினைவகம் ஒற்றைத் துண்டாகவா போட்டிருக்கிறீர்கள்? நகலெடுத்த பிரேம் போய் உட்காரும் இடம் அந்த நினைவகம்தான். ப்ராசஸர், உள்ளமைந்த சிப், நகலெடுப்பு மூன்றும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். இரண்டாவது துண்டு போட்டால் வாசல் இரட்டிப்பாகும்.

இரும்புப்பெட்டி

ஒற்றைத் துண்டுதான். 16 ஜிபி. இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது.

பட்டறைக்காரர்

அதே வேகத்தில் இன்னொரு 16 போடுங்கள். அதற்கு முன் இப்போதைய எண்ணை மூன்று முறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையாவது கேபிள் வாங்காதீர்கள்.